பூட்டிய வீட்டில் பொறி பறந்த கிண்ணம்

இடுப்பெலும்பில் கம்பி வைத்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மூன்றாம் மாடியில் ஏற்றினார்கள். கல்யாணத்தன்றுகூட என்னை யாரும் அப்படித் தாங்கியதில்லை. ஆனால் ஏற்றியவர்களில் ஒருவரும் இறக்குவதைப் பற்றிப் பேசவில்லை. மேலப்பாளையத்தில் எங்கள் கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது. லிப்டுக்கென்று விட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

வீட்டில் நானும் மருமகளும்தான். மகன் சவூதியில், பேத்தி சென்னையில் ஹாஸ்டலில். மருமகள் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை பார்க்கிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவாள். யார் தட்டினாலும் கதவைத் திறந்து வாங்க வாங்க என்று உட்காரவைத்துவிடுவேனாம். அது பொய்யில்லை. பகல் முழுக்க ஒரு மனுசக் குரல் கேட்காமல் இருப்பவளுக்குப் பாய் விற்கிறவனும் சொந்தக்காரன்தான்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் மகன் பணம் அனுப்பி ஒரு மைக்ரோவேவ் ஓவன் வாங்கவைத்தான். அதை என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேஜைமேல் வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து, வைத்து, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். காலையில் போட்டுவைத்த தேயிலைத் தண்ணீர் பதினொரு மணிக்குச் சூடாகும். மத்தியானம் சோறும் மீன்குழம்பும் ஆவி பறக்கும். பூட்டிய வீட்டுக்குள் என் இஷ்டத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியானம் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் குழம்பை ஊற்றி உள்ளே வைத்தேன். கண்ணாடித் தட்டு சுற்ற ஆரம்பித்ததும் சட்சட்டென்று ஒரு சத்தம். உள்ளே நீலமும் வெள்ளையுமாக மின்னல் வெட்டியது. பயந்துபோய்ப் பெட்டியின் கதவைத் திறந்தேன். எல்லாம் நின்றது. எரிந்த வாடை மட்டும் வீட்டுக்குள் நின்றது. நானும் நின்றேன். வெளியே போக எனக்கும் வழியில்லை, வாடைக்கும் வழியில்லை.

சாயங்காலம் நடந்ததை நானே மருமகளிடம் சொன்னேன். அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"மாமி, எவர்சில்வர் எதையும் உள்ள வச்சியளா?"

"இல்லளா."

"தம்ளரு?"

"இல்ல."

"கிண்ணத்துல கரண்டி கிடந்துச்சா? பொட்டலம் மடிச்ச வெள்ளித்தாளு ஏதாவது?"

"இந்த வீட்டுல உள்ள வைக்காத சாமான் நான் ஒருத்திதான். அதுவும் கதவு சின்னதாப் போச்சுன்னுதான்."

அவள் சிரிக்கவில்லை. கழுவுகிற தொட்டியில் ஓர் எவர்சில்வர் தம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அதையே பார்த்தாள். நான் அதில் தண்ணீர் குடித்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

அன்றைக்கே மகனுக்குச் சேதி போய்விட்டது. போனில் அவன் முகம் தெரிந்தது.

"உம்மா, எனக்கு இங்கன வேலையில மனசு நிக்க மாட்டேங்கு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அக்கா வீட்டுக்குப் போயிருங்க. அங்கன எந்நேரமும் ஆளு இருக்கும்."

அக்கா வீடு என்றால் சாத்தான்குளத்தில் என் மகள் வீடு. மகள் நல்லவள், சிக்கலே அதுதான். 'இருங்க உம்மா, நான் தாரேன், எந்திரிக்காதிய' என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் கட்டிலோடு தைத்துவிடுவாள். எனக்கு ஒதுக்குகிற உள்ளறையில் ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியும். அங்கே போனால் தேயிலையும் சோறும் அவர்கள் கொடுக்கிற நேரத்துக்குத்தான், அவர்கள் கொடுக்கிற சூட்டில்தான். இங்கே பூட்டிக் கிடந்தாலும் பகல் என்னுடையது. அங்கே போய்விட்டால் பகலும் போய்விடும். திரும்பி மூன்று மாடி ஏற்ற யார் வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்க்காரர் ஒருவரை மருமகள் கூட்டிவந்தாள். முக்கூடல் பக்கத்து ஆள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, பக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தகட்டைக் கழற்றினார். அட்டை மாதிரி இருந்தது. ஒரு மூலை கரிந்துபோயிருந்தது.

"இது மைக்கா தகடு. இதுக்குப் பின்னாலதான் அலை வார பாதை. குழம்பு தெறிச்சு இதுல காஞ்சி கரியாச்சுன்னா அந்தக் கரியிலயும் பொறி வரும். மாத்திருதேன். ஆனா ஆச்சி, மொதல்ல உள்ள இரும்பு ஏதோ போயிருக்கு."

"கேட்டியளா மாமி?" என்றாள் மருமகள்.

"கேட்டேன். தம்பி, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பெட்டிக்கு உள்சுவரு என்னது?"

"இரும்புத் தகடுதான். மேல பெயிண்டு."

"அம்புட்டு இரும்பு சுத்தி நிக்கி, அது பொறி விடல. ஒரு தம்ளரு விட்டுச்சாக்கும்."

அவர் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆச்சி, அலை இரும்புல பட்டா உள்ள இறங்காது. ஆனா அந்த இரும்புக்குள்ள கிடக்க கரண்டை அங்கயும் இங்கயும் விரட்டும். சுவரு மாதிரி அகலமா, வழுவழுன்னு இருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கிடக்கும். பின்னால எர்த்தும் இருக்கு. மெல்லிசாவோ கூராவோ இருந்துச்சுன்னா, இல்ல நடுவுல விட்டுப் போயிருந்துச்சுன்னா, அந்த முனையில போய் நெரிசலாயிரும். நெரிசல் தாங்காமக் காத்துல தாவும். தாவுதுதான் பொறி."

"அப்பம் தம்ளரு விடாதோ?"

"வழுவழுப்பான கரண்டி ஒண்ணு தனியாக் கிடந்தா சிலநேரம் ஒண்ணும் செய்யாது. அதே கரண்டி சுவத்த ஒட்டி நின்னா பொறிதான். முள்கரண்டி ஆகவே ஆகாது. கசக்குன வெள்ளித்தாளுன்னா பட்டாசுதான். அந்தா இருக்கே, அந்தத் தங்கக்கோடு போட்ட கப்பு, அதும் ஆகாது."

சவூதியிலிருந்து வந்த கப்புகள். அலமாரிக் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தோம். அவற்றின் விளிம்பில் தங்க நிறத்தில் ஒரு கோடு ஓடும். தேய்த்துத் தேய்த்துப் பாதிக் கோடு போய்விட்டது.

"அதுல கோடே இல்லையேப்பா. அழிஞ்சில்லா போச்சு," என்றேன்.

"அழிஞ்சது இன்னும் மோசம். முழுசா இருந்தா ஒரே ரோடு. விட்டு விட்டு இருந்தா ஒவ்வொரு வெட்டையும் தாவணும்."

"என் இடுப்புலயும் கம்பி கிடக்கு. நானும் ஆகாத சாமான்தான்."

அவர் சிரித்துவிட்டார். மருமகள், "கிண்ணத்துல முத்திரை போட்டிருக்கு, ஓவன்ல வைக்கலாம்னு," என்றாள். அவர் அந்தக் கிண்ணத்தைக் கேட்கவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டிக் காட்டினார். நன்றாக ஓடியது. உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டக்கூடாது, போன அலை திரும்பி வந்து பெட்டியையே கெடுக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, "பெரியவங்க இருந்தா இப்படித்தான்க்கா வரும்," என்று மருமகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காதில் இன்னும் கம்பி வைக்கவில்லை.

மருமகள் தங்கக்கோட்டுக் கப்புகளை எடுத்துப் பரணில் போட்டாள். எவர்சில்வர் எல்லாம் என் கைக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போனது. எனக்கென்று சில பீங்கான் கிண்ணமும் ஒரு கண்ணாடித் தம்ளரும் மிஞ்சின. சின்னப் பிள்ளைக்குச் சொப்பு கொடுத்த மாதிரி இருந்தது.

சில நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை, அதே சட்சட். இந்தத் தடவை சோறுதான் இருந்தது, குழம்புகூட இல்லை. கரண்டி இல்லை, தாள் இல்லை. சத்தியம் செய்ய வேண்டுமென்றால் கேட்பதற்கு எதிரில் அந்தப் பெட்டிதான் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்தேன். மருமகள் வந்ததும் முதலில் மூக்கைச் சுருக்கினாள். நேரே ஓவனைத் திறந்து கண்ணாடித் தட்டைப் பார்த்தாள். நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி.

"மாமி."

"ம்."

"மேல்தட்டுல இருந்து எப்படி எடுத்திய?"

நான் ஏறி எடுத்தேன் என்று அவள் நம்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. ஆள் களைத்துப்போயிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது. அன்று உள்ளறையில் வைத்து மகனுடன் போனில் பேசினாள். பேசி முடித்து வந்து, "வெள்ளிக்கிழம மதினி காரு கொண்டுவாராவளாம்," என்றாள். மதினி என்றால் என் மகள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் அவள் பூட்டிவிட்டுப் போனபின் வெகுநேரம் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு பகல்தான் மிச்சம். கிண்ணத்தில் வைத்தால் பொறி வருகிறது, அதுவும் எல்லா நாளும் வருவதில்லை. கண்ணாடித் தம்ளரில் தேயிலை ஒருநாளும் பொறி விட்டதில்லை. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை, என்னிடமும் இல்லை. கிண்ணங்களில் ஏதோ ஒன்று செய்கிறது. எது என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்தேன். ஏன் யோசித்தோம் என்று ஆனது. உள்ளே தீப்பிடித்துக்கொண்டால் எங்கே போவேன்? கதவில் பூட்டு. ஜன்னலில் கம்பி. பால்கனியிலும் கம்பி, புறாவுக்குப் பயந்து வலை வேறு. சத்தம் போடலாம்தான். எதிர்வீட்டுக்காரி டிவி வைத்தால் பள்ளிவாசலில் வாங்கு சொன்னாலே கேட்காது. கேட்டு ஓடிவந்தாலும் பூட்டின் முன்னால் நின்று அழலாம், அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒருமுறை நாற்காலியைத் திருப்பிவிட்டேன். சாத்தான்குளத்து ஜன்னலும் அதற்கு எதிர்ச் சுவரும் ஞாபகம் வந்ததும் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன்.

ஒவ்வொரு கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றினேன். வெறுமையாக ஓட்டக்கூடாது என்று அந்த ஆள் சொன்னாரே. ஒரு கையால் பொத்தானை அமுக்கி, மற்றக் கையைக் கதவுப் பிடியிலேயே வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தால் பெட்டி தானாக நின்றுவிடும். முதல் கிண்ணம் சுற்றியது. ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படித்தான். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. தூக்கத்தில் எதையாவது உள்ளே வைக்கிறேனோ?

மூன்றாவது கிண்ணம் ஒரு சுற்று போவதற்குள் அடியில் பளிச்சென்றது. கதவை இழுத்துத் திறந்தேன். பொறி கிண்ணத்துக்குள்ளே வரவில்லை. அடியிலிருந்து வந்தது.

தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தேன். என் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினேன். பீங்கான் வழுவழுப்பில் ஓரிடம் சொரசொரத்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். ஓவனில் வைக்கலாம் என்கிற முத்திரைக்குப் பக்கத்திலேயே வெள்ளி நிறத்தில் ஒரு பிறை. அழகாக, தூரிகையால் வரைந்தது. அதன் இரண்டு கொம்பு முனையும் கரிந்திருந்தன.

நாலாவது கிண்ணத்தின் அடியிலும் பிறை இருந்தது. அதன் முனையிலும் லேசாகக் கருப்பு. பொறி விடாத இரண்டின் அடியில் பிறையே இல்லை.

எங்கள் பக்கத்தில் நோன்பு மாசம் வந்தால் கிண்ணங்கள் வீட்டில் தங்காது. கஞ்சி ஒரு வீட்டிலிருந்து போகும், வட்டிலப்பம் இன்னொரு வீட்டிலிருந்து வரும். போன கிண்ணம் மாறி வரும், சிலது வராமலே போகும். அதனால் அடியில் ஓர் அடையாளம் போட்டுவைப்பார்கள். எவர்சில்வரில் பெயர் வெட்டுவார்கள். பீங்கானில் வெட்ட முடியாது. நகச்சாயத்தில் பொட்டு வைக்கிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டு அடையாளம் வெள்ளிப் பிறையாகியிருக்கிறது. வரைந்தது நான் இல்லை. எனக்குப் பிறை வரைய வராது, தோசையே வட்டமாக வராது.

மருமகள் வருவதற்குள் நாலு கிண்ணத்தையும் மேஜைமேல் வரிசையாகக் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன மாமி, கிண்ணத்தையெல்லாம் கவுத்து வச்சிருக்கிய?"

"பிறை பாக்குதேன்ளா. பெருநாளுக்கு மட்டுந்தான் பாக்கணுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். கரிந்த முனையைத் தொட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் போட்டதுதான்."

"தெரியுது. என் பேத்தி கல்யாணத்துக்கு மருதாணி நீயே போடு, கை நல்லா இருக்கு."

"நோன்புல ரெண்டு கிண்ணம் திரும்பி வரல மாமி. பெருநாளு முடிஞ்சு கீழ கேட்டுக்குப் பெயிண்டு அடிச்சாவல்லா, கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. வெளிய போய் வந்த கிண்ணத்துக்கெல்லாம் போட்டேன். நீங்க உறங்கிக்கிட்டு இருந்திய. பெயிண்டுதானேன்னு நினைச்சேன். அது என்ன தகரமா?"

"அந்த டப்பாவ எடுத்துட்டு வா."

பால்கனியில் கிடந்த டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னலோரம் பிடித்து வாசித்தாள். வாசித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

"அலுமினியம்னு போட்டிருக்கு."

"அம்புட்டுதான். தூளாக் கிடக்க அலுமினியம். கரண்டு தாவித் தாவித்தான் போவணும். அதுல நீ கொம்பு வேற வச்சிட்ட. வட்டமா ஒரு பொட்டு வச்சிருந்தா கொஞ்சமாவது மருவாதியா நடந்திருக்குமோ என்னவோ."

அவள் ஒரு பழந்துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து ஒரு பிறையைத் துடைக்க ஆரம்பித்தாள். சீக்கிரம் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். சொரசொரப்பு போனதும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தோம். கிண்ணம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொதித்தது.

நான் மகனிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் நாலு விதமாக ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அதில் ஒன்றில் மருமகள் அழுவாள். அதைத்தான் முதலில் சொல்லலாம் என்றிருந்தேன். போன் வந்ததும் அவளே எடுத்து, எனக்கு இடம் கொடுக்காமல் சொல்லிவிட்டாள்.

"மாமி ஒண்ணும் வைக்கல. கிண்ணத்துக்கு அடியில நான் சில்வர் பெயிண்டு வச்சிட்டேன். தப்பு என்னுது."

மகன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"தீப்பிடிச்சிருந்தா?"

மருமகள் போனை ஒரு கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்தாள்.

"நீ வெளிய பூட்டிட்டுத்தான போற? உம்மா எப்படி வெளிய வருவாவ?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். பகலில் அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்தாயிற்று.

"அப்பம் அக்கா வீடுதான் சரி. நாளைக்குக் காரு வருது. ஓவன் இல்லன்னா கரண்டுல வேற ஏதாவது வரும். நான் இங்கன இருந்துட்டு என்ன செய்ய?"

"ஏலே, தீப்பிடிச்சா பூட்டத்தானே மாத்தணும், என்னைய ஏன் மாத்துத?" என்றேன்.

"உம்மா, விளையாடாதிய."

"விளையாடல வாப்பா. அங்கன போனா எனக்குத் தீயே வேண்டாம், சும்மாக் கிடந்தே அணைஞ்சிருவேன்."

அதை விளையாட்டாகத்தான் சொன்னேன். குரல் அப்படி வரவில்லை. போனில் அவன் முகம் அசையாமல் நின்றது. நெட் போனதோ, அவன்தான் நின்றானோ தெரியவில்லை.

மருமகள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மாமி இங்கனயே இருக்கட்டும். நான் இனிமே பூட்டல. உள்ள தாழ்ப்பாளு போட்டுக்கிடட்டும். எதிர்வீட்டுல மத்தியானம் எட்டிப் பாக்கச் சொல்லுதேன். மதினிகிட்ட நானே பேசிக்கிடுதேன்."

"யாராவது வந்து தட்டுனா திறந்துருவாவ."

"திறக்கட்டும்," என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோன மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஒரு மாசம் பார்ப்போம் என்றான் மகன். ஜெயில்காரர்கள்கூட இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டு விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் படியில் இறங்காமல் வெளியே கொஞ்சநேரம் நின்றாள். நானும் உள்ளே வாக்கரைப் பிடித்து நின்றேன். பிறகு செருப்புச் சத்தம் பைய இறங்கிப்போனது.

தாழ்ப்பாளைப் போடவில்லை. கதவை முழுக்கத் திறந்துவைத்து, நாற்காலியை நிலைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து ஒரு வரிசைப் படிதான் தெரியும். அப்புறம் படி திரும்பிவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று இன்றைக்கும் பார்க்க முடியாது, என்றைக்கு முடியும் என்று டாக்டரும் சொல்லவில்லை. கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். பெட்ரோல் வாடை மேலே வந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் மருமகள் போன் போட்டாள்.

"மாமி, கதவ நல்லாச் சாத்திக்கிட்டியளா?"

"சாத்திக்கிட்டேன்ளா," என்றேன், நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டுக்கொண்டு.